ஸ்கோர் 0.86, விற்பனை பாதி: தவறு எங்கே?

வாசகர் கடிதம்

நாங்கள் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் விற்கிறோம். என்னிடம் 4 விற்பனைப் பிரதிநிதிகள். போன காலாண்டில் முதல்முறையாக ஓகேஆர் முறையைக் கொண்டுவந்தேன்: ஒரு குறிக்கோள், அதை எட்டினோமா என்று காட்டும் எண்கள்தான் கீ ரிசல்ட், காலாண்டு முடிவில் 0 முதல் 1 வரை ஸ்கோர். ‘விற்பனையை உயர்த்துவது’ என்பது குறிக்கோள். ஆளுக்கு ஐந்து கீ ரிசல்ட்: போன் கால், டெமோ, கொட்டேஷன், பழைய லீட் ஃபாலோ-அப், புதிய வாடிக்கையாளர். 0.7-க்கு மேல் ஸ்கோர் எடுத்தால் முழு இன்சென்டிவ் என்று மெயிலில் எழுதியும் கொடுத்தேன்.

காலாண்டு முடிந்தபோது டீமின் சராசரி ஸ்கோர் 0.86. ஆனால் 40 புதிய வாடிக்கையாளர் வரவேண்டிய இடத்தில் வந்தது 21. அதில் 9 பேர் கடைசி இரண்டு வாரத்தில் பெரிய தள்ளுபடி கொடுத்துப் பிடித்தவர்கள். அந்த ஒன்பதில் 4 பேர் ஒரு மாதத்துக்குள் போய்விட்டார்கள். முதலாளி கோபத்தில் இருக்கிறார். இன்சென்டிவ் கொடுக்கவே யோசிக்கிறார். ‘பழையபடி டார்கெட் மட்டும் போதும்’ என்று சொல்லிவிட்டார். இந்தக் காலாண்டு அப்படித்தான் ஓடுகிறது. பசங்களோ ‘70 சதவீதம் வந்தாலே வெற்றி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்’ என்கிறார்கள். ஓகேஆரை விட்டுவிடவா? தொடர்ந்தால் என்ன மாற்றவேண்டும்? கொட்டேஷன் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ஆலோசகர் பதில்

முதலில் இன்சென்டிவ் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது நாள் கடத்தக்கூடாதது. கொடுத்துவிடுங்கள். விதியை நீங்கள் எழுதினீர்கள், மெயிலில் உறுதி கொடுத்தீர்கள், அவர்கள் அந்த விதிப்படி எடுத்துவிட்டார்கள். விதி மோசமானது என்பது உண்மைதான், ஆனால் அதை எழுதியது அவர்கள் இல்லையே. எழுத்தில் கொடுத்ததைப் பின்தேதியிட்டு மாற்றினால் சட்டச் சிக்கல் வரலாம். முதலாளி பிடிவாதமாக இருந்தால், உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அந்த மெயிலைக் காட்டி ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். சட்டம் எப்படி இருந்தாலும், இதில் கை வைத்தால் அடுத்த காலாண்டில் நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த நாலு பேரும் நம்பமாட்டார்கள்.

இனி 0.86 எப்படி வந்தது என்று பார்ப்போம். போன் கால் டார்கெட்டைத் தாண்டியது. டெமோவும் கொட்டேஷனும் முழுசாக வந்தன. இந்த மூன்றுக்கும் 1.0. ஃபாலோ-அப் 0.78. வாடிக்கையாளர் எண்ணிக்கை மட்டும் 40-க்கு 21, அதாவது 0.53. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 0.86 வந்துதான் தீரும். ஐந்தில் நான்கு, உங்கள் ஆட்கள் செய்யும் வேலையின் எண்ணிக்கை. அவர்கள் நினைத்தால் நாளைக்கே கூட்டிவிடலாம். ஐந்தாவது ஒன்றுதான் வாடிக்கையாளர் பக்கத்தில் நடந்த மாற்றம். அது மற்ற நான்கின் சராசரிக்குள் காணாமல் போய்விட்டது.

கீ ரிசல்ட் எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதிர்ப்பக்கம் யாரும் அசையாமலே இந்த எண்ணை நம்மால் ஏற்றிவிட முடியுமா? முடியும் என்றால் அது செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் இருக்கட்டும். சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தில் அதன் தலைவர் ஆண்டி குரோவ் ஓகேஆர் முறையை நடத்திய காலத்தில், 1980-ல், மோட்டரோலாவின் போட்டியைச் சமாளிக்க ‘ஆபரேஷன் க்ரஷ்’ என்று ஒரு விற்பனை முயற்சி நடந்தது. அதில் அவர்கள் எண்ணியது ‘டிசைன் வின்’களை. ஒரு கம்பெனி தன்னுடைய புதிய கருவியை இன்டெல் சிப்பை வைத்தே வடிவமைப்பதென்று முடிவெடுத்தால் அது ஒரு டிசைன் வின். ஓராண்டுக்கு 2,000 என்று வைத்து, அதையும் தாண்டினார்கள். சிப் விற்ற பணம் பிறகுதான் வரும், எத்தனை பேரைப் போய்ப் பார்த்தோம் என்பது முன்னாலேயே தெரிந்துவிடும். அவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் வாடிக்கையாளர் எடுக்கும் முடிவை எண்ணினார்கள். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். அது உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது.

பட்டியல் சொல்வது என்ன

90 கொட்டேஷன் போயிருக்கிறது. 21 ஆர்டர். 29 பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மீதி 40 பேரிடமிருந்து ஒரு மாதம் ஆகியும் எந்தப் பதிலும் இல்லை. உங்கள் டீம் தோற்றது போட்டியாளரிடம் என்பதைவிட, இந்த மௌனத்திடம்தான்.

குறிப்புக் கட்டத்தில் உங்கள் ஆட்கள் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘அக்கவுன்டன்ட் மட்டும் இருந்தார், ஓனரிடம் சொல்வதாகச் சொன்னார்’ என்கிற வாக்கியம் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சரி, பணம் கொடுக்க முடிவெடுக்கும் ஆள் டெமோவில் இருந்த கொட்டேஷன்களையும் இல்லாதவற்றையும் தனித்தனியாகப் பிரித்தேன்.

இருந்தவை 27. அதில் 15 ஆர்டர், 7 மறுப்பு, 5 மௌனம்.

இல்லாதவை 63. அதில் 6 ஆர்டர், 22 மறுப்பு, 35 மௌனம்.

ஒரு பக்கம் இரண்டில் ஒன்றுக்கு மேல் முடிகிறது. இன்னொரு பக்கம் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. இதைப் பார்த்தவுடன், எல்லா டெமோவிலும் ஓனரை உட்கார வைத்தால் 90-ல் 50 ஆர்டர் வரும் என்று கணக்குப் போடத் தோன்றும். முதலாளியிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். வாங்கும் எண்ணம் ஏற்கெனவே இருந்த ஓனர்கள்தான் தாங்களாகவே டெமோவுக்கு வந்திருப்பார்கள். நீங்கள் வற்புறுத்தி உட்கார வைக்கும் ஓனர் அதே வேகத்தில் வாங்கமாட்டார். ஆகவே வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் எதிர்பார்க்கவேண்டும். இப்போது 100 கொட்டேஷனுக்கு 23 முடிகிறது என்றால், அதை 33 ஆக்குவது கடினமான, ஆனால் எட்டக்கூடிய இலக்கு.

‘விற்பனையை உயர்த்துவது’ என்ற குறிக்கோளில் இல்லாதது இதுதான். அது எல்லா டீமுக்கும் எல்லாக் காலாண்டிலும் பொருந்தும், எனவே திங்கட்கிழமை காலையில் யாரும் எதையும் மாற்றிச் செய்யவேண்டியதில்லை. குறிக்கோள், இந்தக் காலாண்டில் எந்த ஓட்டையை அடைக்கப்போகிறோம் என்று சொல்லவேண்டும்.

அடுத்த காலாண்டுக்கு நான் எழுதினால்

ஆளுக்கு ஐந்து வீதம் இருபது கீ ரிசல்ட் வேண்டாம். நாலு பேர் டீமுக்கு ஒரே ஒரு ஓகேஆர் போதும். தனி நபர் ஓகேஆர் இந்த அளவு டீமில் வெறும் டார்கெட் ஷீட்டாகத்தான் முடியும். குறிக்கோள் இப்படி இருக்கட்டும்: “கொட்டேஷன் கொடுத்த எந்த வாடிக்கையாளரும் பதில் சொல்லாமல் மறையக்கூடாது.” இதன் கீழ் நான்கு கீ ரிசல்ட்.

*முதலாவது:* கொட்டேஷன் போகும் வாடிக்கையாளர்களில், முடிவெடுப்பவர் டெமோவைப் பார்த்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்வது. முடிவெடுப்பவர் யார் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்: வேறு யாரையும் கேட்காமல் இந்தச் செலவுக்குச் சரி சொல்லக்கூடியவர். இதை எழுதாவிட்டால் மூன்றாவது வாரத்திலேயே ‘சீனியர் அக்கவுன்டன்ட்’ முடிவெடுப்பவராகிவிடுவார்.

*இரண்டாவது:* கொட்டேஷன் போய் 21 நாளாகியும் ஆம், இல்லை என்று எந்தப் பதிலும் வராதவை 100-க்கு 44-லிருந்து 20-ஆகக் குறைவது. ‘வேண்டாம்’ என்பதும் இங்கே வெற்றிதான், அந்த நேரம் அடுத்த லீடுக்குப் போகிறது. ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆட்கள் மௌனமான கொட்டேஷன்களைத் தாங்களாகவே ‘லாஸ்ட்’, அதாவது கைவிட்டுப் போனது, என்று குறித்துவிட்டால் இந்த எண் ஒரே மாலையில் இறங்கிவிடும். வாடிக்கையாளர் வாயாலோ எழுத்தாலோ சொன்னது மட்டுமே பதில், சொன்ன தேதியோடு பதிவாகவேண்டும் என்று வையுங்கள்.

*மூன்றாவது:* கொட்டேஷனில் ஆர்டராக முடிவது 100-க்கு 23-லிருந்து 33. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலாண்டின் 12-வது வாரத்தில் போன கொட்டேஷனுக்கு 13-வது வாரக் கடைசியில் முடிவு தெரியாது. அதையும் சேர்த்து வகுத்தால் விகிதம் குறைவாகக் காட்டும், அந்தப் பயத்தில் கடைசி வாரங்களில் கொட்டேஷன் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். எனவே முதல் 9 வாரத்தில் போனவற்றை மட்டும் எடுத்து, அவற்றில் எத்தனை முடிந்தன என்று பாருங்கள். போன காலாண்டு வேகத்தில் அது சுமார் 60 வரும், அதில் 20 ஆர்டர். இரண்டாவது கீ ரிசல்ட்டுக்கும் இதே 60-தான்.

*நான்காவது ஒரு காவல்:* சராசரித் தள்ளுபடி 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முதல் 8 வாரத்தில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 30 நாள் கழித்தும் மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கவேண்டும். எண்ணிக்கையை அளக்கும்போது, அதைத் துரத்துவதால் எது கெடுமோ அதையும் பக்கத்தில் வைத்து அளக்கவேண்டும் என்பதில் ஆண்டி குரோவ் கண்டிப்பாக இருந்தார். போன காலாண்டின் கடைசி இரண்டு வாரம் உங்களுக்கு நடந்தது, பக்கத்தில் இந்த எண் இல்லாததால்தான். 8 சதவீதம் என்பது நான் உத்தேசமாகப் போட்டது. உங்கள் லாபக் கணக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

போன் கால், டெமோ எண்ணிக்கையைத் தூக்கிப் போடவேண்டாம். அவை வாராந்தர ஷீட்டில் ஒரு வரியாக இருக்கட்டும், ஸ்கோருக்குள் வரவேண்டாம். ஒவ்வொரு கீ ரிசல்ட்டுக்கும் ஒருவர் பெயர் போடுங்கள். அவர் மட்டும்தான் வேலை செய்யவேண்டும் என்று அர்த்தமில்லை, அந்த எண் ஏன் அசையவில்லை என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவர்.

அந்த 70 சதவீதம்

உங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்ட 0.7 எங்கிருந்து வந்தது என்றால், இன்டெல்லில் இதைக் கற்ற முதலீட்டாளர் ஜான் டோர் 1999-ல் கூகுளுக்கு இந்த முறையை எடுத்துப் போனார். அங்கே எட்டாத உயரத்தில் வைத்த இலக்குகளுக்கு 0.6 முதல் 0.7 வந்தாலே நல்லது என்று வழக்கமானது. ஆனால் அதே இடத்திலேயே, செய்தே தீரவேண்டிய வாக்குறுதிகளுக்கு 1.0 தான் எதிர்பார்ப்பு. நீங்கள் ஒரே விதியை எல்லாவற்றுக்கும் போட்டு, அதன் தலையில் இன்சென்டிவையும் கட்டிவிட்டீர்கள். அப்புறம் யார் உயரமான எண்ணைச் சொல்வார்கள்? 30 டெமோ செய்யக்கூடியவர் 25 என்று எழுதிக் கொடுப்பது பொய் இல்லை, சாதாரண புத்திசாலித்தனம்.

மேலே சொன்ன நான்கில் முதல் மூன்றும் எட்டிப் பிடிக்கும் இலக்குகள், 0.7 நல்ல ஸ்கோர். காவல் எண் வாக்குறுதி. அதற்குப் பாதி மதிப்பெண் கிடையாது.

ஸ்கோர் போடும் விதத்தையும் திருத்தவேண்டும். தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்பதே கணக்கு:

```
(எட்டியது − தொடக்கம்) ÷ (இலக்கு − தொடக்கம்)
```

முதல் கீ ரிசல்ட்டில் 30-ல் தொடங்கி, 70-ஐக் குறிவைத்து, 58-ல் நின்றால் 28-ஐ 40-ஆல் வகுக்கவேண்டும்: 0.7. பலர் 58-ஐ 70-ஆல் வகுத்து 0.83 என்று போடுவார்கள். அப்படிப் போட்டால் எதுவுமே செய்யாமல் 30-லேயே நின்றவருக்கும் 0.43 கிடைத்துவிடும். நான்கு ஸ்கோரையும் சராசரி எடுக்கவும் வேண்டாம், தனித்தனியாகவே முதலாளிக்குக் காட்டுங்கள்.

டார்கெட்டா, ஓகேஆரா

உங்கள் முதலாளி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. டார்கெட் தெளிவானது, இன்சென்டிவ் கணக்கு சுலபம், சண்டை வராது. அதன் குறை, யார் எவ்வளவு முடித்தார்கள் என்று மட்டுமே சொல்லும். அந்த 40 மௌனக் கொட்டேஷன்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இந்தக் காலாண்டும் அப்படியே ஓடினால் அடுத்த பட்டியலிலும் அதே குறிப்புகளைத்தான் படிக்கப்போகிறோம். மறுபக்கம், ஸ்கோரையும் பணத்தையும் கட்டிய ஏற்பாடு எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டீர்கள்.

நான் சொல்வது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிரித்து வையுங்கள். இன்சென்டிவ் டார்கெட்டின்படி, அதுவும் 24 ஆர்டர் போல நியாயமான ஓர் எண்ணுக்கு. சேர்ந்து 30 நாள் ஆன வாடிக்கையாளரை மட்டும் கணக்கில் எடுங்கள், கடைசி வாரத் தள்ளுபடி வேட்டைக்கு அதுவே தடை. ஓகேஆர் ஸ்கோருக்குப் பணம் கிடையாது. இந்த மாற்றத்தை நடப்புக் காலாண்டுக்கு நடுவில் புகுத்தாமல், அடுத்தது தொடங்கும் முன் எழுத்தில் கொடுங்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு, மறைக்கமாட்டேன். பணம் இல்லாத எண்ணை விற்பனைக்காரர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். மறந்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம், வாராந்தரக் கூட்டத்தில் எண்ணை நீங்கள் மட்டுமே வாசிப்பது. கூட்டம் 25 நிமிடம் போதும். ஒவ்வொரு கீ ரிசல்ட்டுக்கும் பெயர் போட்டவர் இரண்டு விஷயம் சொல்லட்டும்: இப்போதைய எண், காலாண்டு முடிவில் எட்டுவோம் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு. முதல் கீ ரிசல்ட்டின் எண் 38-ல் நிற்கிறது, நம்பிக்கை போன வாரம் 6, இந்த வாரம் 4 என்றால், கூட்டத்தின் மீதி நேரம் முழுக்க அந்த ஒன்றுக்கே. ‘ஏன் 4 ஆச்சு?’ என்று கேளுங்கள். ‘ஓனருக்கு டைம் இல்லைன்னு அக்கவுன்டன்ட் சொல்றார் சார்’ என்பார்கள். அங்கேதான் வேலை இருக்கிறது. முதல் போனிலேயே ‘இதற்கு யார் ஓகே சொல்லவேண்டும்?’ என்று கேட்பது, அவருக்கு ஒத்துவரும் நேரம் கிடைக்கும்வரை டெமோ தேதியைப் போடாமல் இருப்பது, அவருக்கென்று 15 நிமிட டெமோ ஒன்றைத் தயார் செய்வது. எது பலிக்கிறது என்று அடுத்த வாரம் பார்க்கலாம்.

இப்படிச் செய்தால் முதல் நான்கைந்து வாரம் டெமோ எண்ணிக்கை குறையும். காத்திருந்து போடும் டெமோ என்பதால் அது இயல்பு. ஆர்டர் எண்ணிக்கையும் உடனே ஏறாது, கொட்டேஷன் கொடுத்ததிலிருந்து முடிவு வரச் சில வாரம் ஆகும் அல்லவா? முதலாளி இதைப் பார்த்துப் பதறுவார். எனவே இப்போதே அவரிடம் உட்கார்ந்து, 27-க்கு 15, 63-க்கு 6 என்ற அந்த இரண்டு வரியைக் காட்டுங்கள். நாலாவது வாரம் எந்த எண் இறங்கும், எது ஏறியிருக்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறாவது வாரத்தில் முதல் கீ ரிசல்ட் 50-ஐத் தொட்டும் 21 நாள் மௌனம் குறையவில்லை என்றால், நாம் பிடித்த காரணமே தவறாக இருக்கலாம். அப்போது விலையையோ கொட்டேஷன் தாளையோதான் சந்தேகிக்கவேண்டும். ஓகேஆரை நடுவில் மாற்ற அது ஒன்றே நல்ல காரணம். எட்ட முடியவில்லை என்பதற்காக எண்ணைக் குறைக்காதீர்கள்.

நடப்புக் காலாண்டில் இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் கொட்டேஷன் ஷீட்டில் மூன்று கட்டம் சேர்த்துவிடுங்கள்: முடிவெடுப்பவர் டெமோ பார்த்தாரா, பதில் வந்த தேதி, கொடுத்த தள்ளுபடி. அது நிரம்பினால் 30, 44, 23 ஆகிய தொடக்க எண்களை, நான் குறிப்புகளிலிருந்து ஊகித்ததை வைக்காமல், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே வைக்கலாம். கீ ரிசல்ட்டின் எண்களை அப்போது அந்த நாலு பேரையே முன்மொழியச் சொல்லுங்கள். பணம் பின்னால் இல்லாதபோது அவர்கள் சொல்லும் எண் உங்களுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வர வாய்ப்பிருக்கிறது.